அழைப்பை ஏற்க இயலவில்லை

மார்ச் 10, திங்கள்

இன்று ஒன்பது வீடு. அஸ்தம்பட்டியில் ஆரம்பித்து கன்னங்குறிச்சி வரை போய்த் திரும்பினேன். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியை முன்னால் வைத்தால் கால் வைக்க இடமில்லை. பின்னால் கட்டினால் குழாய்கள் குலுங்குகின்றன. குலுங்கினால் ரத்தம் கெட்டுப்போகும், கெட்டுப்போனால் லேப் டெக்னீஷியன் தாமோதரன் சார் கத்துவார்.

இன்றும் கத்தினார். லேபில் பத்துப் பேர் நிற்கும்போது ஒரு குழாயைத் தூக்கிக் காட்டி, "மங்கை, இது ரத்தமா, ரோஸ் மில்க்கா? இழுத்துப் புடுங்கி எடுத்தா செல்லெல்லாம் உடையாம என்ன பண்ணும்? மறுபடியும் போய் எடுத்துட்டு வாங்க" என்றார். பன்னிரண்டு வருஷமாக ஊசி குத்துகிறேன். அந்தப் பாட்டிக்கு நரம்பே கிடைக்கவில்லை, கையைப் பிசைந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அதை யாரிடம் சொல்வது? திரும்ப அழகாபுரம் போய் எடுத்து வந்தேன்.

போன் தொல்லை தாங்கவில்லை. பாதி சார்ஜ் இருப்பதாகக் காட்டும், ஒரு போட்டோ எடுத்தால் இருபதுக்கு வந்துவிடும். லேபின் ஆப்பை வேறு நாள் முழுக்கத் திறந்தே வைக்க வேண்டியிருப்பதால் போன் சட்டியில் வைத்த மாதிரி சுடுகிறது. மாற்ற வேண்டும். வீட்டுக்காரர் சனிக்கிழமை திருப்பூரிலிருந்து வரும்போது சொல்ல வேண்டும்.

மகள் மகிழினிக்கு நாளைக்கு அறிவியல் நோட்டில் தவளைப் படம் வரைய வேண்டுமாம். ஏழு மணிக்குச் சொல்கிறாள்.


மார்ச் 11, செவ்வாய்

அர்த்தநாரி ஐயாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. உயிர் இருக்கிறது.

போனில் பழையதையெல்லாம் அழித்தேன். மெமரி நிறைந்துவிட்டது.


மார்ச் 12, புதன்

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் மனசு அடங்கும்.

அர்த்தநாரி ஐயா கன்னங்குறிச்சியில் தனியாக இருக்கிறார். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. மகன் ஓசூரில். இரண்டு பேருக்கும் வீட்டை விற்பது பற்றிச் சண்டை, பேச்சுவார்த்தை கிடையாது. ஐயாவின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ஆறு மாதம் ஆகிறது, புதிது வாங்கவில்லை. சர்க்கரை இருக்கிறது, கிட்னியும் சரியில்லை. டாக்டரிடம் போகச் சொன்னால், "மொதல்ல டெஸ்ட் எடுத்துப் பாப்போம் அம்மிணி" என்பார். அதனால் எங்கள் லேபின் பதிவில் அவருக்கு டாக்டர் பெயர் இல்லை. போன் நம்பர் இருக்கிறது. அது என் நம்பர்.

நம்பர் போடாமல் ஆப் அடுத்த பக்கத்துக்கே போகாது. மகன் நம்பரைக் கேட்டால், "அவனெதுக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி, என்னோடதப் போட்டுக்கறேன், ரிப்போர்ட்டை நானே கொண்டாந்து தர்றேன்" என்றேன். கூடாது என்று சூப்பர்வைசர் ரெஜினா மேடம் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் செய்வதுதான்.

நேற்றுக் காலை ஏழரைக்கு அவரிடம் ரத்தம் எடுத்தேன். நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. காலெல்லாம் இழுத்துக்கொண்டு வருகிறது, பலமே இல்லை என்றார். சூட்டுக்காகத் தினமும் இரண்டு இளநீர் குடிக்கிறாராம். கிட்னி சரியில்லாதவருக்கு இளநீர் ஆகாது, பொட்டாசியத்தை ஏற்றிவிடும். குடிக்காதீங்க என்று சொல்லத் தோன்றவில்லை. பதினொரு மணிக்குள் எல்லாக் குழாய்களையும் லேபில் கொடுத்துவிட்டு மதிய வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

ரிசல்ட்டில் பொட்டாசியம் ஏழைத் தாண்டி வந்திருக்கிறது. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. ஏழு என்றால் இதயம் எந்த நிமிஷமும் நின்றுபோகலாம். இப்படி வந்தால் நோயாளிக்கு உடனே சொல்ல வேண்டும் என்பது லேபின் விதி. ஆனால் ரத்தம் எடுக்கும்போது செல் உடைந்திருந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். அதனால் தாமோதரன் சார் இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதே அளவு. உடனே நோயாளியின் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். அதாவது எனக்கு.

என் போன் செத்துக் கிடந்தது.

நான் வீட்டுக்கு வந்து சார்ஜரில் சொருகியபோது ஐந்து மணி. கொஞ்ச நேரம் உயிரே வரவில்லை. பிறகு மெசேஜ் வந்து விழுந்தது, இந்த நம்பரிலிருந்து மூன்று அழைப்புகள், இந்த நம்பரிலிருந்து நான்கு அழைப்புகள் என்று. மூன்று லேப், நான்கு ரெஜினா மேடம். கூப்பிட்டேன். மேடம் குரலே வேறு மாதிரி இருந்தது. "அர்த்தநாரிங்கறவர் வீடு எங்கருக்கு? அட்ரஸ்ல தெருப் பேரே இல்ல. பையன் ஒருத்தன் அரை மணி நேரமா அந்த ஏரியாவச் சுத்தறான்."

நானே போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. கட்டிலில் கிடந்தார். எழுந்திருக்க முயன்றார், கால் அசையவில்லை. "என்னான்னு தெரில அம்மிணி, காலு மரக்கட்டையாட்டம் கெடக்குது" என்றார். பக்கத்து வீட்டு ஆள் ஒருவர், ஆட்டோக்காரர், நான், மூன்று பேருமாகத் தூக்கினோம். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததும் டாக்டர்கள் ஓடினார்கள். கால்சியம் போட்டார்கள், குளுக்கோஸில் இன்சுலின் போட்டார்கள். நடுவில் ஒரு தடவை இதயம் நின்று, நெஞ்சை அழுத்தி மீட்டார்கள். திரைக்குப் பின்னால். எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு டயாலிசிஸ்.

இளவயது டாக்டர் வெளியே வந்து, "ரிசல்ட் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். "மத்தியானம்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்று காலை ரெஜினா மேடம் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். வீட்டுக்குப் போய் ரத்தம் எடுக்கும் நாங்கள் எட்டுப் பேரும் அவர்களுக்குக் கீழேதான். ஐம்பது வயசு இருக்கும். அதிர்ந்து பேச மாட்டார்கள். அதுதான் பயம்.

"எப்ப ஆஃப் ஆச்சு?"

"மத்தியானமே மேடம். ஒரு மணி இருக்கும்."

"ஒன்னேமுக்காலுக்கு நாலு ரோடு ஏரியால ஒரு சாம்பிள் எடுத்து என்ட்ரி போட்டிருக்கியே?"

"அப்ப அதுக்கப்புறம்தான் மேடம். சரியா மணி பாக்கல."

"தாமோதரன் ரெண்டு மணி வாக்குல கூப்பிட்டப்ப ரிங் போச்சுங்கறார். ரெண்டு தடவ ரிங் போச்சாம். அப்புறம்தான் சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சாம்."

"இல்ல மேடம். செத்துப்போயிருந்துச்சு."

போனைக் கொடு என்றார்கள். கொடுத்தேன். வந்த அழைப்புகள் பக்கத்தைப் பார்த்தார்கள். நேற்று மதியத்துக்கு ஒன்றுமில்லை. மெசேஜ்களைப் பார்த்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு, "எழுதிக் குடு. ஏன் எடுக்கலன்னு. பெரிய டாக்டர் கேக்கறார்" என்றார்கள். பெரிய டாக்டர் என்றால் லேபின் முதலாளி.

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். "கடந்த 11ஆம் தேதி பணியிலிருந்தபோது எனது கைபேசியின் பேட்டரி தீர்ந்துவிட்டதால் ஆய்வகத்திலிருந்து வந்த அழைப்பை ஏற்க இயலவில்லை. கைபேசியின் பேட்டரி சில வாரங்களாகவே பழுதடைந்த நிலையில் உள்ளது. மாலை சார்ஜ் செய்தவுடன் தகவல் அறிந்து, நோயாளியை நேரில் சென்று மருத்துவமனையில் சேர்த்தேன்."

ஒவ்வொரு வரியாகத் திரும்பப் படித்தேன். எந்த வரியிலும் பொய் இல்லை.


மார்ச் 13, வியாழன்

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போன் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பின்பக்கத்தைச் சூடு காட்டித் திறந்தார். பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. "அய்யோ, இத வெச்சுக்கிட்டா சுத்தறீங்க? வெடிக்காம இருந்ததே பெருசு" என்றார்.

"இது திடீர்னு ஆஃப் ஆகுமில்லீங்களா?"

"ஆகும். முப்பது காட்டும், ஒரு கால் வந்தா தாங்காது. ரிங் அடிக்கறதுக்கே பவர் வேணுமில்ல?"

அதை பில்லில் எழுதித் தரச் சொன்னேன். சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார், "பேட்டரி உப்பிய நிலை, திடீரென அணையும்" என்று. பழைய பேட்டரியையும் ஒரு கவரில் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டையும் கடிதத்தோடு மேடத்திடம் கொடுத்தேன். மேடம் உப்பிய பேட்டரியை மேசையில் வைத்து விரலால் தள்ளிப் பார்த்தார்கள். "ஓ" என்றார்கள். அவர்கள் முகம் கொஞ்சம் இளகியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல வேளை, அழுதது நல்லதாகப் போயிற்று.

ஐயா இன்னும் ஐசியுவில். மகன் குமரவேல் ஓசூரிலிருந்து வந்துவிட்டார். லேப் மேல் புகார் கொடுக்கப்போவதாகச் சொல்கிறாராம்.


மார்ச் 14, வெள்ளி

என்னையும் தாமோதரன் சாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டார்கள். நான் அவரைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றுதான் எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. நான் ஏன் எடுக்கவில்லை என்பதல்ல அவர்கள் கேள்வி. போன் அடித்ததா இல்லையா என்பதுதான்.

ரிசல்ட் இப்படி வந்து, நோயாளியின் போன் சுவிட்ச் ஆஃப் என்று வந்தால் டெக்னீஷியன் காத்திருக்கக் கூடாது. உடனே சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும், வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும். ரிங் போனால், ஆள் இருக்கிறார், திரும்பக் கூப்பிடுவார் என்று கொஞ்ச நேரம் பார்க்கலாம். தாமோதரன் சார் மேடத்திடம் சொன்னது நாலு மணிக்கு மேல். அதுவரை தன் மற்ற வேலைகளைப் பார்த்திருக்கிறார்.

"ரிங் போச்சு மேடம்," என்றார். "ரெண்டு தடவையும் முழுசா அடிச்சு நின்னுச்சு. மங்கையோட நம்பர்னு எனக்குத் தெரியாது, லிஸ்ட்ல அர்த்தநாரின்னுதான் இருந்துச்சு. வயசானவரு, பாத்ரூம்ல இருப்பாரு, பாத்துட்டுக் கூப்பிடுவாருன்னு நெனச்சேன். மூணேகாலுக்கு மறுபடி போட்டா சுவிட்ச் ஆஃப். சரி சார்ஜ் போட்டுட்டு வருவாருன்னு இன்னும் ரெண்டு தடவ பாத்தேன். அதுதான் நான் பண்ண தப்பு. ஆனா மொதல்ல ரிங் போச்சு."

மேடம் சொன்னார்கள்: "நீங்க அஞ்சு தடவ கூப்பிட்டதா சொல்றீங்க. அவ போன்ல மூணுன்னுதான் மெசேஜ் வந்திருக்கு."

"அந்த மெசேஜ் போன் ஆஃப்ல இருக்கும்போது வந்த காலுக்கு மட்டும்தான் மேடம் வரும். அடிச்ச காலு போன்லயே மிஸ்டு கால்னு நிக்கும். அதுக்கு மெசேஜ் வராது."

"போன்லயும் நிக்கலியே தாமோதரன். நான் பாத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக நேராகப் பார்த்தார். லேப் போனில் இருந்து எடுக்கப்படாத அழைப்புக்கு பில்லும் வராதாம். அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை.

"எங்க பாப்பா மேல சத்தியம் மேடம்" என்றார். அவருக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை.

"மங்கை, நீ சொல்லு" என்றார்கள் மேடம்.

"பேட்டரி போயிடுச்சு மேடம். உங்ககிட்டக் காட்டினேனே."

வீட்டுக்கு வந்து மாவு ஆட்டினேன். உளுந்து ஊறவைக்க மறந்துவிட்டேன், அரிசியை மட்டும் ஆட்டிவிட்டு அப்புறம்தான் பார்த்தேன்.


மார்ச் 15, சனி

வீட்டுக்காரர் வந்தார். எல்லாம் சொன்னேன். எல்லாம் என்றால், கடிதத்தில் இருப்பது.

"எழுதிக் குடுத்துட்டல்ல? விடு. இனிமே யார் கேட்டாலும் அதையே சொல்லு, ஒரு வார்த்த கூடக் கொறைய வேண்டாம்" என்றார். "அந்தாளு உன்ன எத்தன தடவ நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தியிருக்கான்? அழுதுட்டு எங்கிட்ட போன் பண்ணுவியே."

ஆமாம் என்றேன்.


மார்ச் 16, ஞாயிறு

அந்த மரம் ஐந்து ரோடு சந்திப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வாகை மரம். நாலு ரோட்டில் சாம்பிள் எடுத்துவிட்டு அங்கேதான் வண்டியை நிறுத்திச் சாப்பிடுவேன். செவ்வாய்க்கிழமையும் அங்கேதான் சாப்பிட்டேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து முதல் வாய் எடுத்து வைத்திருப்பேன்.

கறிக்குழம்பு செய்தேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.


மார்ச் 17, திங்கள்

தாமோதரன் சாரை இந்த வாரத்தோடு நிறுத்துகிறார்களாம். மகனின் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டுமே, நடவடிக்கை எடுத்தோம் என்று காட்ட வேண்டும். எனக்கு எச்சரிக்கை மட்டும், என் நம்பரைப் போட்டதற்காக. ரெஜினா மேடம்தான் எனக்காகப் பேசினார்களாம். "அந்தப் பொண்ணு ஓடிப்போய்த் தூக்கிட்டுப் போகலன்னா மனுஷன் செத்திருப்பார்" என்றார்களாம். ரிசப்ஷனில் இருக்கும் ஜெசிந்தா வந்து சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

குழாய்களைக் கொடுக்க உள்ளே போனேன். தாமோதரன் சார் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வழக்கம்போல. "நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். நிஜமாகவே அவருக்கு என் மேல் சந்தேகம் இருக்கிறதா, அல்லது தன் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டதா என்று தெரியவில்லை.

வெளியே வரும்போது அவர் யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார், "ராசிபுரத்துல ஏதாவது காலி இருக்குங்களா?" என்று.

மதியம் வேறு இடத்தில் வண்டியை நிறுத்தினேன். சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவை அப்படியே மூடி எடுத்து வந்தேன், மகிழினி திட்டினாள்.


மார்ச் 18, செவ்வாய்

வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அன்று போன் அடித்தது. மடியில்தான் இருந்தது. லேப் நம்பர் என்று பார்த்தேன். ஓரத்தில் சிவப்பாக ஒன்பது சதவீதம் என்று காட்டியது. தாமோதரன் சார்தான், மறுபடி ரோஸ் மில்க் என்று சொல்லப்போகிறார், திரும்பப் போய் எடுக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வாயில் சோறு இருந்தது. இதைத் தின்றுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று கவிழ்த்து வைத்தேன். நின்று, கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. அடித்து முடிகிற வரை கையால் மூடிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு, கை கழுவி, டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. பொத்தானை அழுத்தினேன். வரவில்லை.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுத வேண்டும். அப்பாடா என்று இருந்தது. இனி ஐந்து மணி வரை யாரும் கூப்பிட முடியாது என்று இருந்தது. எதிரிலேயே டீக்கடை இருந்தது. கேட்டிருந்தால் சார்ஜ் போட்டுக்கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை.

வீட்டில் போன் உயிர் வந்ததும் அந்த இரண்டு மிஸ்டு காலும் சிவப்பாக நின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அழித்தேன்.

இன்று காலையில் முதல் நாலு வீட்டையும் முடித்துவிட்டு, குழாய்களைக் கொடுத்துவிட்டு, நேராக மேடம் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

"மேடம், ரிங் போச்சு."

"என்ன?"

"தாமோதரன் சார் சொன்னது நெஜம். ரெண்டு தடவ அடிச்சுது. நான் பாத்தேன். எடுக்கல."

மேடம் பேனாவை மூடி வைத்தார்கள். வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அந்த பேட்டரி? சார்ஜ் இல்லாம செத்துச்சுன்னு எழுதிக் குடுத்தியே?"

"அதுவும் நெஜம்தான் மேடம். நான் பாத்ததுக்கு அப்புறம் செத்துச்சு."

"போன்ல ஒன்னும் இல்லியே."

"அழிச்சுட்டேன்."

"ஏன் எடுக்கல?"

"சாப்ட்டுக்கிட்டிருந்தேன். திட்டுவாருன்னு நெனச்சேன்."

மேடம் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அடிபட்ட மாதிரி இருந்தது. "உனக்காக நான் டாக்டர்கிட்ட எவ்வளவு பேசினேன் தெரியுமா மங்கை" என்றார்கள். "எடுக்கலன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா கூட நான் பேசியிருப்பேன். சோறு திங்கறப்ப எடுக்கல, அதுக்கப்புறம் செத்துடுச்சுன்னு சொல்லியிருந்தா யாருக்குப் புரியாது? அவரு குழந்த மேல சத்தியம் பண்றாரு, நீ சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கே."

தலையைக் குனிந்துகொண்டேன். போய் வெளியில் உட்கார் என்றார்கள். ரத்தம் கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தாமோதரன் சாரை உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார். என் முன்னால் நின்றார்.

நன்றி சொல்வார் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

"நாலு நாளா எனக்குக் காது கேக்கலையோன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார். "எங்க வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, ரிங் போகுதா போகுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்." கண் சிவந்திருந்தது. அப்படியே உள்ளே போய்விட்டார்.


மார்ச் 19, புதன்

வேலை போய்விட்டது. தாமோதரன் சாருக்கு எச்சரிக்கை. தாமதமாகச் சொன்னது அவர் தப்பு என்று எழுதியிருக்கிறார்களாம். அது சரிதான்.

ஐஸ் பெட்டி, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை. ரெஜினா மேடம் மட்டும் வாசல் வரை வந்தார்கள். இனி வீட்டுக்குப் போகும் எல்லோருக்கும் சார்ஜ் போடும் பவர் பேங்க் தரப்போகிறார்களாம். நோயாளியின் நம்பர் இல்லையென்றால் பக்கத்து வீட்டு நம்பராவது வாங்காமல் ரத்தம் எடுக்கக் கூடாதாம். "வேற எடத்துல கேட்டா உன் வேலையப் பத்தி நல்லதாத்தான் சொல்லுவேன். இதப் பத்திக் கேட்டாலும் சொல்லுவேன்" என்றார்கள்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். கத்துவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளியே வைத்திருந்தேன். "ஏன் சொன்ன?" என்று மட்டும் கேட்டார்.

மகிழினியிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.


மார்ச் 20, வியாழன்

சொன்னேன். "அப்ப காலைல நீதான் தலை பின்னிவிடுவியா?" என்று கேட்டாள். பின்னிவிட்டேன். கோணல்.


மார்ச் 22, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேற்றே கிளம்பி, பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஐயாவை வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் வேண்டுமாம். முன்பே வந்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காதா என்று கேட்டதற்கு, கிட்னி ஏற்கனவே போய்க்கொண்டிருந்தது, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்களாம். இதைச் சொன்னது மகன். வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அப்பா மாதிரியே நெற்றி.

என்னை அவருக்குத் தெரிந்திருந்தது. "நீங்கதானே அப்பாவ ஆட்டோல தூக்கிட்டு வந்தது? உங்களப் பாக்கணும்னு இருந்தேன்" என்று கையெடுத்துக் கும்பிட வந்தார். நான் தடுத்தேன். லேபில் யாரும் அவரிடம் சொல்லவில்லை என்று புரிந்தது. அங்கேயே சொல்லிவிட்டேன், நின்றபடி, வேகமாக, இரண்டு நிமிஷத்தில்.

கேட்டு முடித்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போகலன்னா எங்கப்பா இல்ல" என்றார். "நீங்க எடுத்திருந்தா அவரு நெஞ்ச அழுத்த வேண்டி வந்திருக்காது. விலா எலும்பு ரெண்டு உடைஞ்சிருக்கு. நான் இதுல எதப் புடிச்சுக்கறதுன்னு தெரில."

"புகார்ல என் பேரப் போடுங்க" என்றேன்.

அவர் கம்பியை விடாமல், "என் நம்பர் இருந்திருந்தா எனக்குப் போட்டிருப்பாங்க இல்ல?" என்றார். "குடுக்க மாட்டேன்னுட்டாரா?"

பதிலுக்கு நிற்காமல் கீழே இறங்கிப் போனார். டீ குடிக்கவோ, அழவோ.

உள்ளே போனேன். ஐயா விழித்துத்தான் இருந்தார். கை முழுக்க ஊசி குத்திய கறுப்பு. என்னைப் பார்த்ததும், "வா அம்மிணி, டெஸ்ட் எடுக்க வந்தியா?" என்றார். இல்லை என்றேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். அடுத்த கட்டிலில் மெஷின் கீச்சென்று அடித்துக்கொண்டிருந்தது, யாரோ குழந்தையை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்னும் கேக்கல. சத்தமாச் சொல்லு" என்றார்.

சத்தமாகச் சொன்னேன். அன்னிக்கு உங்க ரிசல்ட்டச் சொல்ல லேப்ல இருந்து போன் வந்துச்சு ஐயா, ரெண்டு தடவ அடிச்சுது, நான் பாத்துட்டே எடுக்கல. எதிர்க் கட்டில் அம்மா திரும்பிப் பார்த்தாள். அதட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஐயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத் தெரியவில்லை. யோசிக்கிற மாதிரி இருந்தது.

"எடுத்திருக்கலாம்ல?" என்றார்.

"எடுத்திருக்கலாம் ஐயா" என்றேன்.